ஆவணியில் பூமி பூஜையா? வைகாசியிலேயே பட்டாவுக்கு மனு போடுங்க!

அடி அண்ணாமலையில் 1,200 சதுர அடி மனை கையில் இருக்கிறது, ஆவணி 1-ல் பூமி பூஜை என்று வைத்துக்கொள்வோம். அனுமதிக்கு எப்போது ஓடுவது?

2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. அதனால் ஆடியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். சிக்கல் அதற்கு முந்தைய படியில்தான்.

பெரிய நிலத்திலிருந்து பிரித்து வாங்கிய மனை என்றால், சர்வேயர் அளந்த பிறகே உட்பிரிவு பட்டா வரும். 30 நாள் என்பார்கள். 60 நாள் என்று எழுதிக்கொள்ளுங்கள். பட்டா இல்லாமல் அனுமதி இல்லை, அனுமதி பெற்ற வரைபடம் இல்லாமல் வங்கிக் கடன் இல்லை. அனுமதிக்கு 10 நாள், கடனுக்கு 15 நாள் சேர்த்தால் மொத்தம் 85. பின்னோக்கி எண்ணினால், வைகாசி 10 வாக்கிலேயே பட்டா மனு போயிருக்க வேண்டும். (அங்கீகாரமில்லாத மனை என்றால் கணக்கே வேறு!)

வரைபடத்தை இடையிலேயே போட்டு வைக்கலாம். ஆனால், சர்வேயர் அளவு பத்திரத்தோடு ஒத்துப்போகாவிட்டால் திருத்த வேண்டியிருக்கும். கான்கிரீட் போடும் நாளைப் பௌர்ணமியில் வைக்காதீர்கள். கிரிவலக் கூட்டத்துக்குள் ஜல்லி லாரி வந்து சேராது.