எல்லாரும் 60 வயசா? சர்வே டேட்டாவில் குவியும் எண்கள்

இன்னிக்கு எபிசோட்ல ஒரு சின்ன கேள்வியிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு கிராமத்துல வீடு வீடா போய் வயசு கேட்டு வாங்கின டேட்டாவை ஹிஸ்டோகிராமா போட்டுப் பாத்தா, அது சீரான சரிவா இருக்காது. 40ல ஒரு கோபுரம், 45ல ஒரு கோபுரம், 50ல இன்னும் பெருசு. நடுவுல 41, 43, 47 எல்லாம் பள்ளம். 41 வயசுக்காரங்க எங்க போனாங்க? அவங்க எல்லாம் 40க்குள்ள இருக்காங்க. இதைத்தான் ஹீப்பிங், அதாவது எண் குவிதல்னு சொல்றாங்க.

இது பொய் சொல்றது இல்லை. பிறந்த சான்றிதழ் இல்லாத ஒரு பாட்டிகிட்ட வயசு கேட்டா, "அறுபது அறுபத்தஞ்சு இருக்கும்பா"னு சொல்வாங்க. தமிழ்ல அப்படி ரெண்டு எண்ணைச் சேர்த்துச் சொன்னாலே "தோராயமா"ன்னு அர்த்தம். ஆனா படிவத்துல ஒரு கட்டம்தான் இருக்கு. கணக்கெடுக்க வந்தவர் 60னு எழுதிடுவார். அந்த "இருக்கும்பா" டேட்டாவில் ஏறாது. வீட்டுத் தலைவர் ஒருத்தரே எல்லாருக்கும் சேர்த்து பதில் சொல்லும்போது, அடுத்தவங்க வயசு அவருக்கு உத்தேசமாதான் தெரியும்கிறதால குவிதல் இன்னும் கூடும்.

இதை அளக்க விப்பிள் குறியீடுன்னு ஒரு பழைய முறை இருக்கு. 23 முதல் 62 வரை உள்ளவங்களை மட்டும் எடுத்துக்கணும். மொத்தம் 40 வயசுகள். அதுல 0 அல்லது 5ல முடியறது எட்டு, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. குவிதலே இல்லைன்னா ஆட்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் அங்க இருக்கணும். 2,000 பேர் இருக்காங்கன்னு வெச்சுக்குவோம். எதிர்பார்ப்பது 400. வந்தது 700. அப்போ 700ஐ 400ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினா 175. சரியான டேட்டாவுக்கு இது 100. எல்லாருமே 0, 5ல சொன்னா 500. ஐ.நா. அளவுகோல்படி 105க்குக் கீழே மிக நம்பகமானது, 175ம் அதுக்கு மேலயும் மிக மோசமானது.

```python
m = df[df.age.between(23, 62)]
w = (m.age % 5 == 0).sum() / len(m) * 500
```

இதையே ஒவ்வொரு கணக்கெடுப்பாளருக்கும் தனித்தனியா போட்டுப் பாருங்க. ஒரே பகுதியில ஒருத்தருக்கு மட்டும் எண் எகிறினா, அவர் கேட்கும் விதத்தைத்தான் முதல்ல கவனிக்கணும்.

"ரெண்டு வயசு முன்ன பின்ன போனா என்ன, சராசரியில சமன் ஆயிடாதா?"ன்னு கேட்கலாம். சராசரிக்கு ஓரளவு ஆகும். ஆனா எல்லைக்கோடு குவியல் மேலயே இருந்தா ஆகாது. 60 வயசு ஆனவங்களுக்கு ஓய்வூதியம்னு ஒரு திட்டம், எத்தனை பேருக்குப் பணம் ஒதுக்கணும்னு கணக்கு போடறோம். 58, 59, 60, 61, 62 ஒவ்வொண்ணுலயும் நிஜத்துல 50 பேர். 60ஐத் தவிர மத்த நாலுலயும் பாதிப் பேர் 60னு சொல்றாங்க. 61, 62ல இருந்து வந்தவங்க எப்படியும் கோட்டுக்கு மேலதான். 58, 59ல இருந்து வந்த 50 பேர் மட்டும் கோட்டைத் தாண்டி உள்ள வந்துட்டாங்க. பிழை ஒரே பக்கம் போகுது. ஒதுக்கீடு ஒரு முழு வயசு அளவுக்கு ஆட்களால ஊதிப்போகுது. அதனால ஆய்வுக்குக் குழு பிரிக்கும்போது 60–64ன்னு பிரிக்காம, 58–62ன்னு குவியலை நடுவுல வெச்சுப் பிரிக்கறது பாதுகாப்பானது.

இன்னொரு பொறி இருக்கு. வயசுக்குப் பதிலா பிறந்த வருஷம் கேட்டா குவிதல் மறையாது, இடம் மாறும். 2023ல எடுத்த சர்வேயில் 1970, 1975, 1980னு பதில் வந்தா, கழிச்சு வர்ற வயசு 53, 48, 43. கோபுரம் 3லயும் 8லயும் நிக்கும். விப்பிள் குறியீடு 100க்கும் கீழே இறங்கி, டேட்டா நல்லா இருக்கற மாதிரி காட்டும். 100க்கு நல்லாக் கீழே வந்தாலும் சந்தேகப்படுங்க. கடைசி இலக்கம் பத்தையும் தனித்தனியா எண்ணிப் பாருங்க.

வருமானம், வேலை நேரத்துல ஒரு எச்சரிக்கை. அங்க எல்லாக் கோபுரமும் உத்தேசத்தால வந்தது இல்லை. சம்பளமே 15,000 ரூபாய்னு பேசி வெச்சிருக்கலாம். வாரம் 48 மணி நேரம்கிறது எட்டு மணி, ஆறு நாள். தொழிற்சாலைகள் சட்டம் 1948 வெச்ச உச்சவரம்பும் அதுதான். பிரிச்சுப் பாக்க ஒரு வழி, கேள்வியை உடைக்கறது. "மாசம் எவ்வளவு?"ன்னு கேட்காம, ஒரு நாள் கூலி எவ்வளவு, போன மாசம் எத்தனை நாள் போனீங்கன்னு கேளுங்க. ஒரு கொத்தனார் 900 ரூபாய், 22 நாள்னு சொன்னா 19,800. நேரடியா கேட்டிருந்தா அவர் 20,000னுதான் சொல்லியிருப்பார். ஆனா நாள் கணக்கிலும் 20, 25னு குவியலாம். அதனால பெருக்கி வந்த தொகையை மட்டும் பாக்காம, ரெண்டு பதிலையும் தனித்தனியா ஹிஸ்டோகிராம் போட்டுப் பாத்துடுங்க.