ஐந்து நொடிக்கு ஒரு குறி

1961-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் பண்டூரா, டோரத்தியா ராஸ், ஷீலா ராஸ் ஆகிய மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உளவியல் பாடம் படித்தவர்கள் அநேகமாக அதைக் கேள்விப்பட்டிருப்பார்கள். பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளிக் குழந்தைகள் 72 பேர். அவர்களில் 24 பேருக்கு முன்னால், பெரியவர் ஒருவர் காற்றடைத்த ‘போபோ’ பொம்மையைப் போட்டு மொத்துகிறார். இன்னொரு 24 பேருக்கு முன்னால் பெரியவர் பொம்மையைக் கண்டுகொள்ளாமல் அமைதியாகத் தன் வேலையைப் பார்க்கிறார். மீதி 24 குழந்தைகளுக்கு எதுவும் காட்டப்படவில்லை. பிறகு ஒவ்வொரு குழந்தையும் 20 நிமிடம் ஒரு விளையாட்டு அறையில் விடப்படுகிறது. அங்கே மூன்றடிப் போபோவும் சுத்தியலும் இருக்கின்றன. தேநீர்க் கோப்பைகள், வண்ணக் குச்சிகள், கரடி பொம்மைகளும் இருக்கின்றன. அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் தாங்களும் அப்படியே அடித்தார்கள் என்பது ஆய்வின் முடிவு. அது உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

அவ்வளவாகப் பேசப்படாத ஒரு கேள்வி உண்டு. குழந்தை ‘அடித்தது’ என்று யார் சொன்னார்கள்? அவர் சொன்னதை எப்படி நம்புவது?

பக்கத்து அறையிலிருந்து, ஒருபுறம் மட்டும் பார்க்கக்கூடிய கண்ணாடி வழியாக ஒருவர் குழந்தையைக் கவனித்துக்கொண்டே குறித்தார். 20 நிமிடமும் ஐந்து ஐந்து நொடிகளாக வெட்டப்பட்டிருந்தது. அப்படி வெட்டினால் ஒரு குழந்தைக்கு 240 துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் குழந்தை என்ன செய்தது என்பதை, முன்கூட்டியே வகுத்துவைத்த வகைகளில் ஒன்றில் போட வேண்டும். எடைக்குத் தராசு உண்டு, காய்ச்சலுக்கு வெப்பமானி உண்டு. இங்கே அளக்கும் கருவி கவனிக்கும் மனிதர்தான். அதனால்தான் இந்தத் துறையில் இன்னொருவரையும் உட்கார வைத்து, அதே குழந்தையைத் தனியாகக் குறிக்கச் சொல்லி, இரண்டு தாள்களையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இருவர் குறித்தது எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்பதே ‘கவனிப்பாளர்களிடை நம்பகத்தன்மை’.

பொருந்துவதும் பொருந்தாமல் போவதும் பெரும்பாலும் வகைகளை எழுதும்போதே முடிவாகிவிடுகிறது. ‘குழந்தை கோபமாக நடந்துகொண்டது’ என்று ஒரு வகை வைத்தால், இருவர் இரண்டு விதமாகத்தான் குறிப்பார்கள். கோபம் உள்ளே இருப்பது; கண்ணில் படுவது கையும் காலும்தான். பண்டூரா குழுவினர் இந்த இடத்தில் கெட்டிக்காரத்தனமாக வேலை செய்திருந்தார்கள். பொம்மையைக் கையால் குத்துவது எந்தக் குழந்தையும் சொல்லிக்கொடுக்காமலே செய்யக்கூடியது. அதைப் ‘பார்த்துச் செய்தது’ என்று எண்ணினால் கணக்கு கெட்டுவிடும். எனவே குழந்தைக்குத் தானாகத் தோன்றாத செயல்களைப் பெரியவர் செய்து காட்டும்படி அமைத்தார்கள். பொம்மையைப் படுக்கப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து மூக்கில் குத்துவது, சுத்தியலால் தலையில் அடிப்பது, மேலே தூக்கி எறிவது, அறை முழுக்க உதைத்துக்கொண்டு போவது. இவற்றைக் குழந்தை செய்தால் அது ‘போலச் செய்த தாக்குதல்’. வெறும் குத்துக்குத் தனி வகை. பொம்மைமேல் உட்கார்ந்துவிட்டு அடிக்காமல் இருந்தால் அதற்கும் தனி வகை.

உட்கார்ந்தும் அடிக்காத குழந்தைக்காக ஒரு வகை எழுதிவைத்ததில்தான் அனுபவம் தெரிகிறது. அந்த வரி இல்லாவிட்டால், ஒரு கவனிப்பாளர் அதைத் தாக்குதல் என்று குறித்திருப்பார், மற்றவர் சும்மா விளையாட்டு என்று விட்டிருப்பார். நல்ல வகைப்பாட்டுக் கையேடு என்றால், ஒவ்வொரு வகைக்கும் எது சேரும், எது சேராது, இரண்டுக்கும் நடுவில் வந்தால் எதில் போடுவது என்று எழுதியிருக்கும். முதல் எழுத்திலேயே இது சரியாக வந்துவிடாது. ஆய்வில் சேராத சில பதிவுகளை வைத்து இருவரும் பழகுவார்கள். எங்கே பிசகுகிறதோ அந்த வரியைத் திருத்துவார்கள். ஆய்வுக்கான பதிவுகளைத் தொட்ட பிறகு கையேட்டில் கைவைக்கக் கூடாது. வைத்தால், அதுவரை குறித்ததை எல்லாம் முதலிலிருந்து குறிக்க வேண்டும்.

பண்டூரா ஆய்வில் ஒருவர் 72 குழந்தைகளையும் குறித்தார். அவர்களில் பாதிப் பேரை இரண்டாமவர் தனியாகக் குறித்தார். இருவரின் எண்களுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு 0.90-க்கு மேல் என்று கட்டுரை சொல்கிறது. கெழு 1 என்றால் இருவர் எண்களும் பிசகில்லாமல் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று பொருள். அந்தக் காலத்துக்கு அது நல்ல சான்றுதான். ஆனால் அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை ஒரு குழந்தையின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காகப் போட்டவை. ஆய்வில் வந்தவை அல்ல.

ஒரு குழந்தைக்கு 240 துண்டுகள். முதல் கவனிப்பாளர் 24 துண்டுகளில் ‘தாக்குதல்’ என்று குறித்திருக்கிறார். இரண்டாமவரும் 24. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இருவருக்கும் இம்மியும் வித்தியாசமில்லை. இப்படியே ஒவ்வொரு குழந்தைக்கும் மொத்தம் ஒத்துப்போனால் ஒட்டுறவுக் கெழு முழுசாக 1 வந்துவிடும்.

இனி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, துண்டு துண்டாக ஒப்பிடுவோம். இருவரும் ‘தாக்குதல்’ என்று சொன்ன துண்டுகள் 12. முதலாமவர் மட்டும் சொன்னவை 12, இரண்டாமவர் மட்டும் சொன்னவை 12. இருவரும் ‘இல்லை’ என்றவை 204. ஒத்துப்போனவை 12-ம் 204-ம் சேர்ந்து 216. அதாவது 240-ல் 90 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யாராவது ஒருவராவது ‘தாக்குதல்’ என்று சொன்ன துண்டுகள் 36. அவற்றில் இருவரும் ஒரே கருத்தில் இருந்தது 12-ல் மட்டுமே. எதைத் தேடி ஆய்வு நடக்கிறதோ, அதில் மூன்றில் ஒரு பங்குதான் பொருத்தம். 90 சதவீதத்தைத் தூக்கி நிறுத்தியது, ஒன்றுமே நடக்காத அந்த 204 துண்டுகள்.

இந்தச் சிக்கலுக்கு நியூயார்க் பல்கலைக்கழக உளவியலாளர் ஜேக்கப் கோஹன் 1960-ல் ஒரு வழி சொன்னார். இருவரும் குழந்தையைப் பார்க்காமலே, கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு 24 துண்டுகளில் குறி போட்டிருந்தால் எவ்வளவு பொருந்தியிருக்கும் என்று முதலில் கேளுங்கள். முதலாமவர் பத்தில் ஒரு துண்டில் ‘தாக்குதல்’ என்கிறார், இரண்டாமவரும் அப்படியே. இருவர் குறியும் தற்செயலாக ஒரே துண்டில் விழ நூற்றுக்கு 1 வாய்ப்பு. இருவரும் ‘இல்லை’ என்பது பத்தில் ஒன்பது முறை. அது தற்செயலாகப் பொருந்த நூற்றுக்கு 81 வாய்ப்பு. ஆக, பார்க்காமலே குறித்தாலும் 82 சதவீதம் பொருத்தம் கிடைத்திருக்கும்! பார்த்துக் குறித்ததால் கூடுதலாகக் கிடைத்தது 8 மட்டுமே. கூடுதலாகக் கிடைத்திருக்கக்கூடியது 18. எட்டைப் பதினெட்டால் வகுத்தால் 0.44. இதுதான் கோஹனின் ‘கப்பா’.

κ = (0.90 − 0.82) / (1 − 0.82) = 0.44

கப்பா 1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் தற்செயலுக்கு மேல் ஒன்றுமில்லை. நடுவில் உள்ளவற்றுக்கு லாண்டிஸ், காக் இருவரும் 1977-ல் தந்த படிநிலைகளைத்தான் பலரும் கையாள்கிறார்கள். அவர்கள் கணக்கில் 0.41 முதல் 0.60 வரை நடுத்தரம், 0.61 முதல் 0.80 வரை கணிசமானது, அதற்கு மேல் ஏறத்தாழ முழுமையானது. இந்த எல்லைகள் தாங்களாக வைத்துக்கொண்டவை என்று அவர்களே எழுதினார்கள். அதை மறந்துவிட்டு 0.61 வந்தால் தேர்ச்சி, 0.59 வந்தால் தோல்வி என்று நடத்துவது சரியில்லை. நடத்தை எவ்வளவு அரிதாக நிகழ்கிறதோ அதைப் பொறுத்தும் கப்பா ஏறி இறங்கும். அதனால் அந்த ஓர் எண்ணை மட்டும் தராமல், 12, 12, 12, 204 என்ற நான்கு கட்டங்களையும் சேர்த்துத் தரும் கட்டுரையைத்தான் நம்பிப் படிக்கலாம்.

0.44 வந்துவிட்டால் என்ன செய்வது? உடனே இருவரும் உட்கார்ந்து பேசி, தாள்களைத் திருத்திக்கொண்டு, மறுபடி கணக்குப் போடுவது பெரிய தவறு. பேசிய பிறகு வரும் பொருத்தம் பேச்சின் விளைவு. அளவீட்டின் தரத்தை அது காட்டாது. தனித்தனியாகக் குறித்தபோது வந்த எண்ணைத்தான் வெளியிட வேண்டும். பேசுவது அதன் பிறகு. எங்கே பிசகுகிறது என்று தேடும்போது சில நேரம் காரணம் மிக எளிமையாக இருக்கும். முதலாமவர் 31-வது துண்டில் குறித்த அடியை இரண்டாமவர் 32-ல் குறித்திருப்பார். அடி விழுந்தது இரண்டின் எல்லையில். அப்படியானால் கோளாறு கடிகாரத்திலும் எழுதும் வேகத்திலும் இருக்கிறது. ‘சுத்தியல் ஓங்கிய கணமா, பட்ட கணமா’ என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்துவிடும். வேறு சில நேரம் ஒருவர் ‘குத்து’ என்பதை மற்றவர் தொடர்ந்து ‘தள்ளல்’ என்று எழுதியிருப்பார். அங்கே வரையறையே போதவில்லை.

பொருத்தம் எவ்வளவு உயர்ந்தாலும் அது பிடிக்காத ஒரு கோளாறும் உண்டு. பண்டூரா ஆய்வில் எல்லாக் குழந்தைகளையும் குறித்தவர், பெரியவர்களாக நடித்த இருவரில் ஆண்தான். தான் நடித்துக் காட்டிய குழந்தைகள் எந்தக் குழு என்று அவருக்குத் தெரியும். பெரும்பாலும் இருவரில் ஒருவருக்காவது அது தெரியாமல் இருந்தது. என்றாலும், அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் அந்த விநோதமான செயல்களைச் செய்ததாலேயே எந்தக் குழு என்று எளிதில் கண்டுபிடித்துவிட முடிந்தது என்று ஆய்வாளர்களே கட்டுரையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். ஒரே எதிர்பார்ப்போடு பார்க்கும் இருவர் ஒரே பக்கம் சாய்ந்தால், சாய்வு பொருத்தக் கணக்கில் தெரியவே தெரியாது. அவர்களுடைய வகைகள் மிகத் திட்டவட்டமாக இருந்ததுதான் இங்கே ஓரளவு பாதுகாப்பு.

பொருத்தம் நாள்பட நழுவவும் செய்யும். 1970-ல் ஜான் ரீட் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்தார். பயிற்சி பெற்ற கவனிப்பாளர்கள், தங்கள் குறிப்பு சரிபார்க்கப்படுகிறது என்று தெரிந்த நாட்களில் நன்றாகப் பொருந்தினார்கள். இனி யாரும் சரிபார்க்கவில்லை என்று அவர்கள் நினைத்தபோதும் ரீட் இரகசியமாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பொருத்தம் கணிசமாகக் கீழே இறங்கிவிட்டது. சேர்ந்தே வேலை செய்யும் ஜோடிகளிடம் இன்னொரு வகை நழுவலும் உண்டு: கையேட்டை விட்டு இருவரும் கைகோத்து விலகிப்போவார்கள். அவர்களுக்குள் பொருத்தம் குறையாது. பக்கத்து ஜோடியோடு ஒப்பிட்டால்தான் வெளியே வரும்.

அதனால் இன்று கவனமாக நடத்தப்படும் ஆய்வுகளில், எந்தப் பதிவு இன்னொருவரிடமும் போகிறது என்பதை முதல் கவனிப்பாளருக்குச் சொல்வதில்லை. இரண்டாமவர் குறிக்கும் பதிவுகளை ஆய்வின் தொடக்கத்தில் மட்டும் எடுக்காமல், கடைசி மாதம் வரை அங்கங்கே தற்செயலாகப் பொறுக்குகிறார்கள். ஜோடிகளை மாற்றுகிறார்கள். நிபுணர் ஒருவர் முன்பே குறித்துவைத்த பதிவை இடையிடையே எல்லோரிடமும் கொடுத்து, யார் எவ்வளவு நகர்ந்திருக்கிறார் என்று பார்க்கிறார்கள். நகர்ந்திருந்தால் பயிற்சி மறுபடியும் தொடங்குகிறது. அந்த இடைவெளியில் குறித்த பதிவுகள் மீண்டும் குறிக்கப்படுகின்றன.