புள்ளி விழுந்த இடம் சரிதானா?

"31, வடக்கு மாட வீதி, சென்னை" என்று மட்டும் எழுதி ஒரு கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டால் அது எங்கே போய்ச் சேரும்? மயிலாப்பூர்வாசியைக் கேட்டால், "இது என்ன கேள்வி, கபாலீசுவரர் கோயிலுக்கு வடக்கே இருக்கும் தெருதான்" என்பார். திருவான்மியூர்க்காரர் மருந்தீசுவரர் கோயிலைக் காட்டுவார். திருவொற்றியூரிலும் வடக்கு மாட வீதி உண்டு; வில்லிவாக்கத்திலும் உண்டு. கோயிலைச் சுற்றி மாட வீதிகளுடன் வளர்ந்த பல ஊர்கள் ஒன்று சேர்ந்து உண்டான நகரம் அல்லவா சென்னை!

தபால்காரர் இத்தகைய கடிதத்தைக் கையில் எடுத்ததும் பின்கோடு எங்கே என்று தேடுவார். இல்லையென்றால் உறையைத் திருப்பிப் பார்ப்பார், பக்கத்திலிருப்பவரை விசாரிப்பார், முடியாவிட்டால் திருப்பி அனுப்புவார். கணிப்பொறி அப்படிச் செய்வதில்லை. நான்கில் ஒன்றைத் தானே தேர்ந்தெடுத்து, அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் ஏழு தசம இடங்களுக்குச் சுத்தமாகக் கொடுத்துவிடும். அதைப் பார்ப்பவருக்குச் சந்தேகமே எழாது.

எழுத்தில் உள்ள முகவரியைப் பூமியின் மேல் ஒரு புள்ளியாக மாற்றும் இந்த வேலைக்கு ஜியோகோடிங் என்று பெயர். தமிழில் "இடக்குறி காணுதல்" என்று சொல்லிக்கொள்ளலாம். புள்ளியைப் பெறுவது இன்று எளிது. எந்தப் புள்ளியை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பிரிப்பதுதான் கடினம். அதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காண்போம்.

சென்னையில் டெங்குக் காய்ச்சல் கண்ட ஐந்நூறு பேரின் முகவரிகள் ஒரு சுகாதார அலுவலரிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, பொதுவாகத் தான் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை. ஆகவே நோயாளியின் வீட்டைச் சுற்றியுள்ள தொட்டிகளையும் பழைய டயர்களையும் தேட வேண்டுமானால், புள்ளி உண்மையான வீட்டிலிருந்து இருநூறு மீட்டருக்குள்ளாவது விழ வேண்டும். இந்த அளவை முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. எந்த மண்டலத்தில் காய்ச்சல் அதிகம் என்று மட்டும் அறிய விரும்பினால் ஒன்றரைக் கிலோமீட்டர் பிழையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரே புள்ளி ஒரு வேலைக்கு நல்லதாகவும் மற்றொன்றுக்குக் கெட்டதாகவும் இருக்கும்.

இனிப் பட்டியலைப் பார்ப்போம். ஒருவர் "மயிலை, சென்னை-4" என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர் "Mylapore, 600004" என்கிறார். ஒன்றில் பழைய எண் 14, புதிய எண் 31 என்று இரண்டும் இருக்கின்றன. மற்றொன்றில் வெறும் 14. வேறொன்றில் "ரேஷன் கடைக்குப் பின்னால், கால்வாய்க் கரை" என்றே முகவரி முடிந்துவிடுகிறது. இவற்றைச் சீர்செய்யும்போது மூலத்தின் மேல் கை வைக்கக்கூடாது. அதை அப்படியே ஒரு பத்தியில் விட்டுவிட்டு, திருத்திய வடிவத்தை அடுத்த பத்தியில் எழுத வேண்டும். ஏனென்றால் திருத்தத்திலும் பிழை நேரும். "St." என்று வரும் இடத்தையெல்லாம் "Street" என்று மாற்றும்படி கணிப்பொறிக்குக் கட்டளையிட்டால், மந்தைவெளிப் பக்கத்துச் செயின்ட் மேரீஸ் ரோடு "Street Mary's Road" ஆகிவிடும்! அப்படி ஒரு தெரு உலகில் எங்கே இருக்கப்போகிறது?

"சென்னை-4" என்ற பழைய வழக்கை 600004 என்று மாற்றுவது சரியே. 1972 ஆகஸ்டு 15 அன்று பின்கோடு முறை வந்தபோது, சென்னையின் பழைய வட்ட எண்கள் புதிய எண்ணின் கடைசி இலக்கங்களாக அமைந்தன. "எதிரில்", "பின்னால்" போன்ற சொற்களைக் கேள்வியிலிருந்து எடுத்துத் தனிப் பத்தியில் வைக்கலாம். கணிப்பொறிக்கு அவை குழப்பம். நேரில் போகிறவருக்கு அவையே வழிகாட்டி.

அடுத்து, கேள்வியை அனுப்ப வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தை அடிப்படையாகக் கொண்ட நாமினேட்டிம் என்னும் இலவசச் சேவையை எடுத்துக்கொள்வோம். கேள்வி இப்படி இருக்கும்:

```
https://nominatim.openstreetmap.org/search?street=31+North+Mada+Street&city=Chennai&postalcode=600004&countrycodes=in&format=jsonv2
```

இதன் பொதுச் சேவையில் ஒரு நொடிக்கு ஒரு கேள்விக்கு மேல் கேட்கக்கூடாது என்பது விதி. ஐந்நூறு முகவரிகளுக்கு ஒன்பது நிமிடம் போதும். நோயாளியின் பெயரையும் நோயையும் இதனுடன் அனுப்பிவிடாதீர்கள். முகவரி மட்டுமே போக வேண்டும். வரும் பதிலில் பல வரிகள் இருக்கும். நமக்கு வேண்டியவை இவைபோல் வந்ததாகக் கொள்வோம்:

```
"addresstype": "road",
"place_rank": 26,
"importance": 0.05,
"boundingbox": ["13.0348", "13.0352", "80.2664", "80.2698"]
```

அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் எடுத்துக்கொண்டு இந்த வரிகளை எறிந்துவிடுபவர்கள் அநேகர். ஆனால் உண்மையைச் சொல்பவை இவைதாம். நாம் 31ஆம் எண் வீட்டைக் கேட்டோம். வந்திருப்பது "road", அதாவது தெரு. அந்த வீட்டு எண் வரைபடத்தில் இல்லை. ஆகவே தெருவின் மேலேயே ஒரு புள்ளியைக் கொடுத்துவிட்டது. `place_rank` 30 என்றால் வீடு அல்லது தனிக் கட்டிடம்; 26 என்றால் தெரு; எண் குறையக் குறையப் பேட்டை, நகரம், மாவட்டம் என்று இடம் பெரிதாகிக்கொண்டே போகும். 30 வந்தாலும், திரும்பி வந்த வீட்டு எண்ணும் கேட்ட எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிட வேண்டும். பழைய 14க்கும் புதிய 14க்கும் நடுவே பல வீடுகள் இருக்கலாம்.

`importance` என்ற வரியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இது பொருத்தத்தின் தரம் என்று எண்ணி, எண் பெரிதாக இருந்தால் நம்புகிறார்கள். உண்மையில் அது அந்த இடம் எவ்வளவு பெயர் பெற்றது என்பதைக் காட்டுவது. தெரு கிடைக்காமல் வெறும் "சென்னை" என்ற நகரமே பதிலாக வந்தால், சென்னை புகழ் பெற்ற ஊராதலால் அந்த எண் மிகப் பெரிதாக இருக்கும். மிக மோசமான விடைக்கு மிக நல்ல மதிப்பெண்!

பிழையின் அளவைக் கணக்கிடுவதற்குக் கடைசி வரி உதவும். அதிலுள்ள நான்கு எண்கள் அந்த இடத்தின் தெற்கு, வடக்கு, மேற்கு, கிழக்கு எல்லைகள். கிழக்குக்கும் மேற்குக்கும் வேறுபாடு 0.0034 டிகிரி. சென்னை இருக்கும் அட்சரேகையில் ஒரு தீர்க்கரேகை டிகிரி ஏறக்குறைய 108 கிலோமீட்டர். ஆகவே தெருவின் நீளம் சுமார் 370 மீட்டர். புள்ளி தெருவின் நடுவில் விழுந்தால், வீடு எங்கே இருந்தாலும் பிழை 185 மீட்டருக்கு மேல் போகாது. நம் இருநூறு மீட்டர் எல்லைக்குள் இது தேறிவிடுகிறது. பின்கோடு வட்டமே விடையாக வந்து, அதன் எல்லை இரு பக்கமும் 0.02 டிகிரி இருந்தால், மையத்திலிருந்து மூலை வரை ஒன்றரைக் கிலோமீட்டர் ஆகிவிடும். அந்தப் புள்ளிக்குச் சிவப்புக் குறி.

ஆனால் இந்தக் கணக்கு தெரு சரியாக இருந்தால்தான் செல்லும். திருவான்மியூர் வடக்கு மாட வீதியின் நடுவில் அழகாக விழுந்த புள்ளியும் "road" என்றுதான் சொல்லும். இதைப் பிடிக்க ஒரு வழி, ஒரே முகவரியைப் பின்கோடுடன் ஒரு முறையும் பின்கோடு இல்லாமல் மறு முறையும் கேட்பது. இரண்டு புள்ளிகளும் ஒன்றாக இருந்தால் நம்பிக்கை கூடும். மயிலாப்பூரில் ஒன்றும், ஐந்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளித் திருவான்மியூரில் ஒன்றும் விழுந்தால், அந்தத் தெருப்பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்கிறது, பின்கோடு ஒன்றை மட்டுமே நம்பி நிற்கிறோம் என்று பொருள். எழுதியவர் பின்கோட்டில் ஓர் இலக்கத்தைத் தவறவிட்டிருந்தால் எல்லாமே தவறு.

இன்னொரு சோதனையும் உண்டு. 2009ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்ததைக் கேளுங்கள். அந்நகரக் காவல் துறை குற்றங்கள் நடந்த இடங்களை வரைபடமாகப் பொதுமக்களுக்குக் காட்டிவந்தது. அதன்படி, நகர மன்றக் கட்டிடத்துக்கு அருகிலுள்ள ஒரே இடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குற்றங்கள் குவிந்திருந்தன. லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் பத்திரிகையினர் ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. முகவரி பிடிபடாத குற்றங்களையெல்லாம் கணிப்பொறி நிரல் ஒரே புள்ளியில் போட்டுவந்திருக்கிறது!

நம் காய்ச்சல் பட்டியலில் இப்படி இருபது நோயாளிகள் ஒரே புள்ளியில் குவிந்தால், அலுவலர் மருந்துப் புகையுடன் அங்கே ஓடுவார். ஓடுமுன் மூல முகவரிப் பத்தியைப் பார்க்க வேண்டும். இருபதும் ஒரே அடுக்குமாடியின் வெவ்வேறு கதவு எண்கள் என்றால் அது உண்மையான குவியல். இருபதும் வெவ்வேறு தெருக்கள் என்றால் அது வட்டத்தின் மையப் புள்ளி. அங்கே காய்ச்சல் கண்டவர் ஒருவர்கூட இல்லாமலிருக்கலாம். மூலத்தை அழிக்காதே என்று முன்பு சொன்னதன் பயன் இங்கே தெரியும். அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிப் போனால் கண்டுபிடிப்பது எளிது. சென்னைவாசி ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே மிதப்பார்.

இவ்வளவுக்குப் பிறகும் "நல்லவை" என்று ஒதுக்கியவற்றில் முப்பதைக் குலுக்கல் முறையில் எடுத்து நேரில் பார்த்துவிட வேண்டும். முப்பதும் சரியாக இருந்தால் மகிழலாம். ஆனால் பிழையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மூன்றை மாதிரியின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது பிழை இருக்கக்கூடிய மேல் எல்லை என்பது புள்ளியியலார் கைக்கணக்கு. அதன்படி நூற்றுக்குப் பத்து வரை இன்னும் தவறாக இருக்க இடமுண்டு. முந்நூறைச் சோதித்தால்தான் அது நூற்றுக்கு ஒன்றாகும்.

சிவப்புக் குறி பெற்றவற்றை என்ன செய்வது? நீக்கிவிட்டால் வரைபடம் பார்க்கத் தெளிவாக இருக்கும். ஆனால் குறி பெற்றவர்கள் யார் என்று சற்று எண்ணிப் பாருங்கள். கதவு எண் இல்லாத கால்வாய்க் கரைக் குடிசைகள், தெருப்பெயர் இன்னும் வரைபடத்தில் ஏறாத புறநகர் மனைகள் ஆகியவையே அவற்றில் பெரும்பாலும் இருக்கும். தேங்கிய நீரும் அங்கேதான் அதிகம். அவற்றை நீக்கினால், காய்ச்சல் மிகுந்த பகுதி வரைபடத்தில் வெறுமையாக, நோயற்றதாகத் தெரியும். ஆகவே அவற்றைப் புள்ளியாகப் போடாமல், பின்கோடு வாரியாக எண்ணி, "இடம் உறுதியாகாதவை இத்தனை" என்று வரைபடத்தின் ஓரத்திலேயே எழுத வேண்டும். ஒரு வட்டத்தில் அந்த எண்ணிக்கை புள்ளிகளைவிட அதிகமானால், சுகாதாரப் பணியாளர் ஒருவரை அங்கே அனுப்பலாம். அவர் அந்த ரேஷன் கடையைக் கண்டுபிடித்து, பின்னால் உள்ள வீட்டு வாசலில் நின்று, கைப்பேசி காட்டும் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் குறித்துவருவார். அந்த வரிசையில் மட்டும் "நேரில் பார்த்தது" என்றும் தேதியும் எழுதிவைக்க வேண்டும்.