ஒரே டிகாஷன், ஒருவருக்கு மட்டும் விழிப்பு

மாலை 5 மணிக்கு ஒரே டிகாஷனில் கலந்த காபியை அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு டம்ளர் குடிக்கிறார்கள். இரவு 11 மணிக்குத் தம்பி படுத்ததும் குறட்டை விடுகிறார். அக்கா ஒரு மணி வரை புரண்டுகொண்டிருக்கிறார். "எல்லாம் மனப்பிரமைக்கா, நானும் அதே காபியைத்தானே குடிச்சேன்?" என்று காலையில் தம்பி கேட்கிறார். பல வீடுகளில் இப்படித்தான் பேச்சு போகும். ஆனால் அக்காவின் உடம்பு பொய் சொல்லவில்லை.

குடித்த முக்கால் மணி நேரத்துக்குள் காஃபீன் ஏறக்குறைய முழுவதும் ரத்தத்தில் சேர்ந்துவிடும். அதுவரை இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதை உடம்பு எவ்வளவு சீக்கிரம் கழிக்கிறது என்பதில்தான் வித்தியாசம். 90 சதவீதத்துக்கு மேல் அந்த வேலையைச் செய்வது கல்லீரலில் உள்ள ஒரே ஒரு நொதி. சிஒய்பி1ஏ2 என்று பெயர். ரத்தத்திலுள்ள காஃபீன் பாதியாகக் குறைய ஆரோக்கியமான பெரியவர்களுக்குச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். ஆனால் சிலருக்கு ஒன்றரை மணி நேரமே போதும்; சிலருக்கு 9 மணி நேரத்தையும் தாண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இருவரும் குடித்தது தலா 100 மில்லிகிராம் காஃபீன் என்று வைத்துக்கொள்வோம். தம்பிக்கு 3 மணி நேரத்தில் பாதியாகிறது, அக்காவுக்கு 6 மணி நேரத்தில். இரவு 11 மணிக்குத் தம்பி உடம்பில் மிச்சம் 25 மில்லிகிராம், அக்கா உடம்பில் 50. விடிகாலை 5 மணிக்குத் தம்பியிடம் 6 மில்லிகிராம்தான் இருக்கும். அக்காவிடம் இன்னும் 25 இருக்கும்போதே அடுத்த காபிக்கு அடுப்பு பற்றவைக்கப்படுகிறது.

இந்த வேகத்தில் ஒரு பங்கு பிறவியிலேயே வருவது. அந்த நொதிக்கான மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தாலே வேகம் மாறலாம். மீதி, வாழும் விதத்தைப் பொறுத்தது. அக்கா கருத்தடை மாத்திரை எடுப்பவராக இருந்தால் காஃபீன் கழியும் நேரம் சுமார் இரு மடங்காகும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பாதியாகக் குறையவே 15 மணி நேரம் வரை பிடிக்கலாம். கர்ப்பிணிகள் நாளொன்றுக்கு 200 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாடிக் மாத்திரைகளும் இந்த நொதியைத் தடுக்கும்.

தம்பி சிகரெட் பிடிப்பவர் என்றால் கதை நேர்மாறு. நிகோட்டின் அல்ல, புகையிலுள்ள வேறு ரசாயனங்கள் இந்த நொதியின் அளவைக் கூட்டிவிடுகின்றன. அவர் பழக்கத்தை விட்டதும் சில நாட்களில் நொதி பழைய நிலைக்கு இறங்குகிறது. குடிக்கும் காபி அதேதான், ஆனால் ரத்தத்தில் காஃபீன் இரு மடங்காகிறது. படபடப்பு, எரிச்சல், தூக்கமின்மை என்று வருவதையெல்லாம் சிகரெட் இல்லாத குறை என்றே நினைத்து, பலர் மறுபடியும் பற்றவைத்துவிடுகிறார்கள். சிகரெட்டை விடும்போதே காபியையும் பாதியாகக் குறையுங்கள் என்று அவர்களிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

கல்லீரல் மட்டும் பதில் சொன்னால் போதாது. மூளையில் அடினோசின் என்ற பொருள் நாள் முழுக்கச் சேர்ந்து, தனக்கென உள்ள இருக்கைகளில் உட்கார்ந்து தூக்கத்தை வரவழைக்கிறது. காஃபீன் அந்த இருக்கைகளை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. அவற்றின் அமைப்பை முடிவு செய்யும் மரபணுவும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அதிகம் காபி குடிக்காதவர்களுக்கு 150 மில்லிகிராம் கொடுத்துச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். 2003இல் வெளியான அந்த ஆய்வில், இம்மரபணுவின் ஒரு வகையைக் கொண்டவர்களுக்குப் பதற்றம் கூடுதலாக வந்தது. ஆக, காஃபீனை வேகமாகக் கழிப்பவருக்கும் முதல் ஒரு மணி நேரம் கை நடுங்கலாம். தினமும் குடித்தால் இந்தப் பதற்றம் பெரும்பாலும் பழகிப்போகும்.

குறட்டை விடும் தம்பியும் முழுக்கத் தப்பித்தார் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் கொடுத்தார்கள். அது பல கப் காபிக்குச் சமம். தூக்கத்தைக் கருவி வைத்து அளந்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்திருந்தது. அந்தக் குறைவு தூங்கியவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை.

தன் உடம்பு எந்த வகை என்று அறிய விரும்புகிறவர் மதியத்துக்கு மேல் காபி, டீ இரண்டையும் இரண்டு வாரம் நிறுத்திப் பார்க்கலாம். தினமும் குடித்தவருக்கு முதல் சில நாட்கள் தலைவலியும் சோர்வும் வரக்கூடும். பெரும்பாலும் ஒன்பது நாட்களுக்குள் அடங்கிவிடும். ஆகவே முதல் வாரத்தை விட்டுவிட்டு, இரண்டாவது வாரத்தில் தூக்கம் வர எத்தனை நேரமாகிறது, நடுராத்திரியில் எத்தனை முறை விழிப்பு வருகிறது என்று குறித்துக்கொள்வதே சரியான கணக்கு.