சீனியருக்கு என்ன எழுதுவது?

"அண்ணா, உங்க கம்பெனில வேகன்சி இருக்கா? ரெஸ்யூம் அனுப்பவா?" கல்லூரி முடிக்கப்போகும் பிள்ளைகள் சீனியருக்கு அனுப்பும் செய்தி பெரும்பாலும் இதுதான். இதற்குப் பதில் வருவது அபூர்வம். முகம் தெரியாத ஒருவருக்காக எச்.ஆரிடம் வாய் திறக்க யாருக்கும் தயக்கம் இருக்கும். முடியாது என்று சொல்லவும் மனசு வராது. பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுவார்.

திருநெல்வேலிப் பக்கம் மெக்கானிக்கல் கடைசி வருஷம் படிக்கும் ஒரு பெண்ணுக்கு, ஒரகடத்தில் உள்ள ஒரு கார் கம்பெனியில் தேர்டு பார்ட்டி பேரோலில் டிரெய்னி வேலை வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிற்பது அந்தக் கம்பெனியின் அசெம்ப்ளி லைனில். சம்பளச் சீட்டு தருவதோ ஆள் அனுப்பும் ஏஜென்சி. பின்னால் கம்பெனி ரோலுக்கு எடுப்பார்களா என்பதுதான் அவள் கேள்வி. கம்பெனியின் இணையதளம் இதைச் சொல்லாது, ஏஜென்சி "கண்டிப்பா எடுப்பாங்க" என்றுதான் சொல்லும்.

லிங்க்ட்இன்னில் கல்லூரியின் பக்கத்தைத் திறந்தால் Alumni என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் கம்பெனி பெயரைப் போட்டால் அங்கிருக்கும் பழைய மாணவர்கள் வரிசையாக வருவார்கள். பதினைந்து வருஷம் ஆன மேனேஜரை விட்டுவிடலாம். அவர் சேர்ந்த வழி இன்று இருக்கிறதோ என்னவோ. இரண்டு மூன்று வருஷம் முன்பு சேர்ந்தவருக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும். அங்கே வேலை பார்த்துவிட்டு வெளியே போனவர் கிடைத்தால் இன்னும் நல்லது, அவருக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

அவள் இப்படி எழுதலாம்:

"வணக்கம் அண்ணா. நான் நம்ம காலேஜ் மெக்கானிக்கல், ஃபைனல் இயர். உங்க கம்பெனியில தேர்டு பார்ட்டி டிரெய்னியா சேர ஆஃபர் வந்திருக்கு. அப்படி வந்தவங்களை ரோலுக்கு எடுத்து நீங்க பார்த்திருக்கீங்களா? எடுத்தா எவ்வளவு நாள் ஆகுது? எனக்கு டிசைன் பக்கம் போக ஆசை. புரொடக்‌ஷன்ல சேர்ந்துட்டா அப்புறம் மாற விடுவாங்களா? ரெஃபரல் கேட்கலைண்ணா. நேரம் கிடைக்கும்போது ரெண்டு வரி போதும்."

"கம்பெனி எப்படிண்ணா?" என்று கேட்டிருந்தால் "நல்லாருக்கும்மா" என்று முடித்திருப்பார். இங்கே கேட்டிருப்பது அவர் கண்ணால் பார்த்ததை. பார்த்திருந்தால் சொல்வார், "நான் யாரையும் பார்க்கலம்மா" என்றாலும் அதுவே ஒரு பதில். ரெஃபரல் வேண்டாம் என்ற வரி அவர் தயக்கத்தைப் போக்கும். அதை எழுதிவிட்டு மறுநாளே ரெஸ்யூமை அனுப்பினால் அடுத்து வரும் ஜூனியருக்கும் கதவு மூடிவிடும்.

கனெக்‌ஷன் கேட்கும்போது இவ்வளவையும் எழுத இடம் இருக்காது. யார், எந்தக் காலேஜ், எதைப் பற்றி என்பதை மட்டும் முதலில் எழுதி, அவர் ஏற்றுக்கொண்ட பிறகு இதை அனுப்பலாம். ஆபீஸ் மெயிலுக்கு மட்டும் அனுப்பக் கூடாது. கம்பெனி பார்க்கக்கூடிய இடத்தில் கம்பெனியைப் பற்றி யார் மனம்விட்டு எழுதுவார்?

ஒரு வாரமாகியும் சத்தமில்லை என்றால் ஒரே ஒரு முறை நினைவுபடுத்தலாம். "நம்பர் அனுப்பும்மா, பேசலாம்" என்று பதில் வந்தால் எழுத்தில் வைக்க விரும்பாத ஏதோ அவரிடம் இருக்கிறது. அந்தப் பேச்சை ரெக்கார்டு செய்யாமல், ஸ்க்ரீன்ஷாட்டை வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போடாமல் இருக்க வேண்டும்.