அதிகாலை 3.20-க்கு ஒரு கேப்ஷன்

மதுரை மாட்டுத்தாவணியில் நான் இறங்கியபோது மணி 1.40. எங்கள் ஊருக்குப் போகும் முதல் டவுன் பஸ் 4.50-க்கு. நடுவில் 3 மணி 10 நிமிடம், ஒரு இரும்பு நாற்காலி, ஒரு பை, பாதி சார்ஜ் உள்ள செல்போன். இந்த நிலையில் மனிதன் என்ன செய்வான்? ஒரு படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பான். நானும் எடுத்தேன். ட்யூப்லைட் வெளிச்சத்தில் வரிசையாகக் காலி நாற்காலிகள், ஓரத்தில் என் செருப்பு, அடியில் சுருண்டு கிடக்கும் ஒரு நாய். படம் அரை நிமிடத்தில் முடிந்தது. அதன் கீழே ஒரு வரி எழுதத்தான் விடியும்வரை ஆனது.

முதலில் எழுதியது: ‘நள்ளிரவு. பேருந்து நிலையம். காத்திருப்பு.’ ஒரு சொல்லுக்கு ஒரு முற்றுப்புள்ளி வைத்தால் ஆழமாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. ஆனால் படத்தைப் பார்க்கிறவருக்கு இருட்டும் தெரிகிறது, பஸ் ஸ்டாண்டும் தெரிகிறது. கண் சொன்னதையே எழுத்தும் சொன்னால் அது கேப்ஷன் இல்லை, பெயர்ப்பலகை.

அழித்துவிட்டு அடுத்தது எழுதினேன்: ‘தூங்கா நகரத்தில் தூங்காமல் நான்.’ எழுதியதும் ஒரு திருப்தி வந்தது. அந்தத் திருப்தியைத்தான் சந்தேகிக்க வேண்டும். மதுரையில் இரவு பஸ்ஸுக்கு நின்ற எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். தவிர, இதை எழுத மாட்டுத்தாவணிக்கு வரவே தேவையில்லை. வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டே எழுதலாம்.

மூன்றாவது, ‘வாழ்க்கையே ஒரு காத்திருப்புதான்.’ இரண்டு மணிக்கு மேல் எல்லோரும் தத்துவஞானி ஆகிவிடுகிறோம். மணி பார்த்தால் 2.05.

டீ வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. படத்தில் வராத விஷயங்கள் என்னைச் சுற்றி எத்தனையோ இருந்தன. நேரம் படத்தில் வராது. சத்தம் வராது. வாசனை வராது. படம் எடுப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால் நடந்தது வராது. இந்த நான்கில் ஒன்றை எடுத்துக் கொடுத்தால் போதும், அந்த வரிக்கு ஒரு வேலை இருக்கிறது.

நேரத்தை எழுதும்போது ‘நள்ளிரவு’ என்று எழுதாமல் ‘3.20’ என்று எழுதிப் பாருங்கள். நள்ளிரவு என்றால் பேய்க்கதை ஆரம்பிக்கப் போகிறது என்று நினைப்பார்கள். 3.20 என்று எழுதினால், இந்த ஆள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது சொல்லாமலே தெரியும். தூக்கக் கலக்கத்தின் பாதி நகைச்சுவை அந்த எண்ணிலேயே இருக்கிறது.

சத்தத்துக்கு பஸ் ஸ்டாண்டைப் போல ஒரு இடம் இல்லை. என் எதிரே ஒரு கண்டக்டர் படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு ‘திருச்சி திருச்சி திருச்சி’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னை நேராகப் பார்த்து வேறு கூப்பிட்டார். அப்போது செல்போனில் எழுதியது: ‘திருச்சிக்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் அவர் கூப்பிடுகிற கூப்பிடுக்கு, போய்விட்டு வந்துவிடலாமா என்று தோன்றுகிறது.’ நீளம் அதிகம்தான், ஆனால் அன்றிரவு எழுதியதில் உயிருள்ள முதல் வரி இதுதான். காரணம் எளிது. அந்தக் குரல் கேட்காத இடத்தில் இருந்து இதை எழுத முடியாது.

அந்த இடத்தில் மட்டுமே கிடைக்கிற இன்னொன்று, அதன் பெயர். எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம் என்று பலகை இருந்தாலும் எல்லோருக்கும் அது மாட்டுத்தாவணிதான். தாவணி என்றால் இங்கே பெண்கள் உடுத்துவது இல்லை. மாடுகளை வரிசையாகக் கட்டிப்போடும் கயிறு அது. அப்படிக் கட்டி வைத்து விற்கிற சந்தைக்கும் அதுவே பெயர். பழைய மாட்டுச் சந்தையில் நாற்காலி நாற்காலியாக நாங்கள் உட்கார்ந்திருந்தோம், பக்கத்தில் இருந்தவர் பை வாரைக் காலில் கட்டியபடி. ‘மாட்டுத்தாவணி. இன்றைக்கும் வரிசையாகத்தான் கட்டிப்போட்டிருக்கிறார்கள்.’ தூங்கா நகரத்தைவிட இது பரவாயில்லை. ஊர்ப்பெயரை வைத்து எழுதுவதென்றால், எல்லோருக்கும் தெரிந்த பட்டப்பெயரை விட்டுவிட்டு, பெயருக்குள் இருக்கிற பொருளைத் திறந்து பார்ப்பது நல்லது.

மூன்று மணி சுமாருக்கு அந்தப் பை வார்க்காரர் தலையாட்ட ஆரம்பித்தார். உட்கார்ந்தபடி தூங்கும்போது கழுத்துத் தசை மெல்லத் தளர்கிறது. தலை முன்னால் சரிகிறது. சரிந்த வேகத்தில் ஆள் திடுக்கிட்டு விழிக்கிறார், தலை நிமிர்கிறது, மறுபடி தளர்கிறது. பார்க்கிறவருக்கு அது பெரிய சம்மதம் போலத் தெரியும். எழுதினேன்: ‘நான் சொல்வதற்கெல்லாம் பக்கத்து சீட்காரர் தலையாட்டுகிறார். நான் ஒன்றுமே சொல்லவில்லை.’

சிரிப்பு வருகிறது. ஆனால் இதை அவர் படத்தோடு போட்டால் தப்பு. தூங்குகிற மனிதர் தன் முகத்தைக் காவல் காக்க முடியாது. வாயைப் பிளந்து தூங்குகிறவருக்கும் ஊரில் மருமகன், சம்பந்தி எல்லாம் இருப்பார்கள். எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி: தூங்குகிறவர்களின் செருப்பு, பை, சுருட்டிய துண்டு, இவற்றைப் படம் எடுக்கலாம், முகத்தை எடுக்கக்கூடாது. நகைச்சுவையையும் முடிந்தவரை நம் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். அதே வரியைத் திருப்பிப் பார்த்தேன்: ‘கடந்த ஒரு மணி நேரமாக யார் என்ன கேட்டாலும் தலையாட்டியிருக்கிறேன். எதற்கெல்லாம் சம்மதித்தேன் என்று தெரியவில்லை.’ பக்கத்து சீட்காரர் தப்பித்தார். வரியும் முன்னைவிட நன்றாக இருந்தது. பிறரைப் பார்த்துச் சிரித்தபோது அது ஒரு தகவல். நானே மாட்டிக்கொண்டபோது அதில் ஒரு கதை வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் நாய் விஷயம் பிடிபட்டது. முதலில் எழுதியது, ‘நாய் தூங்குகிறது.’ அது செய்தி. ‘நாய்கூடத் தூங்கிவிட்டது’ என்று மாற்றினேன். ஒரு ‘கூட’ சேர்ந்ததும், தூங்காத ஆள் ஒருவன் படத்துக்கு வெளியே நிற்பது தெரிகிறது. நான் என்று எழுதாமலே நான் உள்ளே வந்துவிட்டேன். தமிழில் கேப்ஷன் எழுதுகிறவருக்கு இந்தச் சின்னச் சொற்கள் பெரிய வசதி. ‘கூட’, ‘தான்’, ‘-ஆவது’, ‘-ஆம்’ இவற்றில் ஒன்று அரை வரியை மிச்சப்படுத்தும். ‘4.50 வண்டி 4.50-க்கே வருமாம்’ என்பதில் உள்ள அந்த ‘ஆம்’ மட்டும் போதும், எழுதியவரின் நம்பிக்கை எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இன்னொரு வசதியும் உண்டு. நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில்தான் வந்து நிற்கும். என்ன ஆயிற்று என்பதை அதுவரை மறைத்து வைக்கலாம். டைம் கீப்பர் அறையில் போய் விசாரித்தேன்.

“அண்ணே, 4.50 வண்டி வந்துருமா?”

“இந்தா வந்துரும்ணே. உக்காருங்க.”

கால் மணி நேரம் கழித்து மறுபடி கேட்கப் போனேன். ‘அவர் தூங்கிவிட்டார், பஸ் இப்போது வரும் என்று சொன்னவர்’ என்று எழுதினால் சிரிப்பு நடுவிலேயே செத்துவிடும். ‘இந்தா வந்துரும் என்று சொன்னவர் தூங்கிவிட்டார்’ என்று எழுதினால் கடைசிச் சொல்லில் கதவு திறக்கிறது. அதற்குப் பிறகு சிரிக்கிற பொம்மை நான்கைச் சேர்க்கத் தேவையில்லை. வாசகர் சிரிப்பதற்கு முன் நாம் சிரித்துவிட்டால் அவருக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. அன்று காலை 6 மணிக்கு எழுந்தவன் நான். 3 மணிக்கு, 21 மணி நேரம் விழித்திருக்கிறேன். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997-ல் அளந்து காட்டினார்கள். அந்த நிலையில் எது நகைச்சுவை, எது உளறல் என்று பிரித்துப் பார்க்கும் திறனும் நம்மிடம் அவ்வளவாக இருக்காது. 3.10-க்கு நான் எழுதி, தனியாகச் சத்தம் போட்டுச் சிரித்த வரி இது: ‘பெஞ்சுக்கும் முதுகு உண்டு. அதற்கு வலிக்காதா?’ விடிந்த பிறகு பத்து முறை படித்தும் எதற்குச் சிரித்தேன் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆகவே கவனிப்பது இரவில், தேர்ந்தெடுப்பது காலையில். இரவில் கண்ணில் பட்டதை அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். அந்த விவரம் காலையில் வராது. யார் எப்படிக் கூப்பிட்டார், டீ கிளாஸ் எவ்வளவு சின்னது என்பதெல்லாம் தூங்கி எழுந்தால் போய்விடும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரம்தான் இருக்கும் என்றாலும், அதை முதலில் பார்க்கிறவர்கள் நன்றாகத் தூங்கி எழுந்து, காபியோடு உட்கார்ந்திருப்பவர்கள். அவர்கள் கண்ணால் ஒருமுறை படித்துவிட்டுப் போடுவது நமக்குத்தான் நல்லது.

நான்கு மணிக்கு மேல் பக்கத்துப் பூ மார்க்கெட்டுக்கு மூட்டை ஏற்றிய ஆட்டோ ஒன்று போனது. டீசல் புகைக்கு நடுவே ஒரு நொடி பூ வாசனை. ‘மணி 4.10. பூகூட எழுந்து வேலைக்குக் கிளம்பிவிட்டது’ என்று குறித்துக்கொண்டேன். நாயும் பூவும் இரண்டும் ‘கூட’வில் வருவதால் ஒன்றைத்தான் வைக்க முடியும்.

வீட்டுக்கு வந்து, தூங்கி, பத்து மணிக்கு எழுந்து செல்போனைத் திறந்தேன். மொத்தம் பதினொரு வரிகள். எட்டை அழித்தேன். திருச்சியும் தலையாட்டலும் நாயும் மிஞ்சின. படத்தில் நாய் இருந்ததால் நாயை வைத்தேன், நேரத்தை முன்னால் சேர்த்தேன்:

‘அதிகாலை 3.20. நாய்கூடத் தூங்கிவிட்டது.’

பஸ் 5.05-க்கு வந்தது.