15.6 அங்குல மடிக்கணினி உண்மையில் எவ்வளவு பெரியது?

மாணவர்களே, என் வகுப்பு மாணவர் ஒருவர் அண்ணன் பயன்படுத்திய பழைய மடிக்கணினியைப் பெற்றுக்கொண்டார். அதன் திரை 15.6 அங்குலம். இணையத்தில் "15.6 அங்குல மடிக்கணினிக்கு" என்று போட்டிருந்த ஓர் உறையை வாங்கினார். மடிக்கணினியின் பாதிதான் உறைக்குள் போனது. ஜிப் மூடவே இல்லை. அதே உறையில் பக்கத்து இருக்கை மாணவரின் புதிய மடிக்கணினி சுலபமாக நுழைந்துவிட்டது. அதன் திரையும் 15.6 அங்குலம்தான்! உறை தவறா, மடிக்கணினி தவறா? இரண்டுமே இல்லை. 15.6 என்ற எண் எதைக் குறிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாததுதான் தவறு.

அந்த எண் மடிக்கணினியின் அகலம் அன்று. ஒளிரும் திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை உள்ள நீளம் அது. கணிதத்தில் இதை மூலைவிட்டம் என்கிறோம். திரையைச் சுற்றியுள்ள கறுப்பு விளிம்பு அந்த அளவில் சேராது. ஆகவே, மடிக்கணினியின் உடல் அளவைக் கண்டுபிடிக்க இரண்டு வேலைகள் உள்ளன. முதலில் மூலைவிட்டத்திலிருந்து திரையின் அகலத்தையும் உயரத்தையும் பெற வேண்டும். பிறகு விளிம்பைக் கூட்ட வேண்டும்.

முதல் வேலை: திரையின் அளவு

மூலைவிட்டம் மட்டும் தெரிந்தால் போதாது. திரையின் வடிவ விகிதமும் தெரிய வேண்டும். பெரும்பாலான 15.6 அங்குலத் திரைகளின் விகிதம் 16:9. அகலத்தை 16 பங்காக எடுத்துக்கொண்டால் உயரம் 9 பங்கு. இப்போது படிவம் ஒன்றில் படித்த பைதாகரஸ் தேற்றத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

16² + 9² = 256 + 81 = 337

337இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 18.36. அதாவது மூலைவிட்டம் 18.36 பங்கு. அந்த 18.36 பங்கும் சேர்ந்து 15.6 அங்குலம் என்றால், ஒரு பங்கு 15.6 ÷ 18.36 = 0.85 அங்குலம்.

அகலம் = 16 × 0.85 = 13.6 அங்குலம்
உயரம் = 9 × 0.85 = 7.65 அங்குலம்

ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். எனவே திரையின் அகலம் சுமார் 345 மி.மீ., உயரம் சுமார் 194 மி.மீ. பழைய மடிக்கணினியானாலும் புதியதானாலும் இந்த அளவு மாறாது.

இரண்டாம் வேலை: விளிம்பு

வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. வகுப்பில் இரண்டு மடிக்கணினிகளையும் அடிக்கோலால் அளந்தோம். பழையதில் இடப்பக்கமும் வலப்பக்கமும் தலா 18 மி.மீ. விளிம்பு. புதியதில் தலா 6 மி.மீ. மட்டுமே.

பழையது: 345 + 18 + 18 = 381 மி.மீ.
புதியது: 345 + 6 + 6 = 357 மி.மீ.

திரை ஒன்றுதான், உடலின் அகலத்தில் 24 மி.மீ. வேறுபாடு! இந்தக் கணக்கில் மாணவர்கள் இரண்டு இடங்களில் தவறு செய்கிறார்கள். சிலர் விளிம்பை ஒரு முறை மட்டும் கூட்டுகிறார்கள். இடம், வலம் என்று இரண்டு விளிம்புகள் இருப்பதை மறக்கக்கூடாது. வேறு சிலர் விளிம்பை நேராக 15.6உடன் கூட்டிவிடுகிறார்கள். மூலைவிட்டம் சாய்வாகச் செல்லும் கோடு. பக்க விளிம்பை அதனுடன் கூட்டினால் கிடைக்கும் எண் மடிக்கணினியின் எந்தப் பக்கத்துக்கும் பொருந்தாது.

உயரத்திலும் இதே முறைதான். ஆனால் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் பெரும்பாலும் சமமாக இருக்காது. மேலே கேமரா மட்டும் இருக்கும். கீழே உள்ள பட்டை தடிமனாக இருக்கும். புதிய மடிக்கணினியில் மேலே 10 மி.மீ., கீழே 20 மி.மீ. ஆகவே மூடியின் உயரம் 194 + 10 + 20 = 224 மி.மீ. மூடியை உடலோடு இணைக்கும் கீல் பகுதி இதில் சேரவில்லை. அந்த மடிக்கணினியில் கீலுக்குப் பின்னால் இன்னும் 10 மி.மீ. இருந்தது. மூடிவைத்து அளந்தபோது 234 மி.மீ. வந்தது. விளையாட்டுக்கான மடிக்கணினிகளில் காற்று வெளியேறும் பகுதி பின்னால் இன்னும் நீண்டிருக்கும். எனவே அகலத்தை நம்பலாம். முன்னிருந்து பின்வரை உள்ள அளவை "குறைந்தது இவ்வளவு" என்றே கொள்ளுங்கள்.

மடிக்கணினி கையில் இல்லையென்றால்?

கடையின் இணையப்பக்கத்தில் நேர் எதிரே நின்று எடுத்த படம் இருந்தால் போதும். திரையின் உண்மையான அகலம் 345 மி.மீ. என்பது நமக்குத் தெரியுமே! அதுவே நம் அளவுகோல். படத்தில் ஒளிரும் திரையின் அகலம் 115 மி.மீ., மூடியின் முழு அகலம் 119 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 345 ÷ 115 = 3. ஆகவே மூடியின் உண்மையான அகலம் 119 × 3 = 357 மி.மீ. அடிக்கோலில் 1 மி.மீ. தவறினால் விடையில் 3 மி.மீ. தவறும் என்பதையும் கவனியுங்கள்.

படம் நேராக எடுக்கப்பட்டதா என்று எப்படி அறிவது? திரையின் உயரத்தையும் அளந்து பாருங்கள். அகலம் 115 என்றால் உயரம் 115 × 9 ÷ 16, அதாவது ஏறக்குறைய 65 மி.மீ. வர வேண்டும். 60 மட்டுமே வந்தால் மூடி பின்னால் சாய்ந்திருக்கிறது. அந்தப் படத்தில் மேல், கீழ் விளிம்புகளும் உண்மையைவிடச் சிறியதாகத் தெரியும்.

உறை ஏன் மூடவில்லை?

அந்த உறையைத் தட்டையாக விரித்து உட்பக்கத்தை அளந்தோம். அகலம் 380 மி.மீ. பழைய மடிக்கணினியின் அகலமே 381. அதோடு, துணி மடிக்கணினியின் இரு பக்கச் சுவர்களையும் சுற்றி வளைந்து செல்ல வேண்டும். ஒவ்வொரு பக்கமும் தடிமனில் பாதியை எடுத்துக்கொள்ளும். ஆகவே உறையின் தட்டை அகலம், உடலின் அகலமும் தடிமனும் சேர்ந்த அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

பழையது: 381 + 26 = 407 மி.மீ. நுழையாது.
புதியது: 357 + 18 = 375 மி.மீ. 5 மி.மீ. மிச்சம்.

உறை செய்தவர்கள் மெல்லிய விளிம்புள்ள மடிக்கணினியை மனத்தில் வைத்து அளவெடுத்திருக்கிறார்கள். அந்த மாணவர் இப்போது 42 செ.மீ. அகலமுள்ள வேறோர் உறையைப் பயன்படுத்துகிறார். இந்த முறை அட்டையில் போட்டிருந்த அங்குலத்தைப் பார்க்காமல், உட்புற அளவைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கினார்.

நீங்களே செய்து பாருங்கள்

14 அங்குலத் திரை, விகிதம் 16:10, பக்க விளிம்பு தலா 5 மி.மீ. உடலின் அகலம் என்ன? விகிதம் மாறியிருப்பதால் 18.36ஐப் பயன்படுத்த முடியாது. புதிய மூலைவிட்டத்தைக் கண்டுபிடித்துத் தொடங்குங்கள்.

(விடை: மூலைவிட்டம் 18.87 பங்கு, திரையின் அகலம் சுமார் 302 மி.மீ.; உடலின் அகலம் சுமார் 312 மி.மீ.)